இன்வெர்ட்டர் பெட்டரி எதனால் தீப்பிடிக்கிறது? மலையக வீடுகளுக்கான கேள்வி பதில்

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் மலையகத்தில் பல வீடுகளுக்கு இன்வெர்ட்டர் வந்தது. அவசரத்தில் பூட்டியவை இன்றும் அப்படியே ஓடுகின்றன. வேறாகச் சொல்லாத இடங்களில் கீழே உள்ள கணக்குகள் எல்லாம் ஒரே வகை அமைப்புக்கானவை: 12 வோல்ட், 900 விஏ இன்வெர்ட்டர் ஒன்று, தண்ணி ஊற்றும் 150 ஏஎச் டியூபுலர் பெட்டரி ஒன்று.

வெறும் 12 வோல்ட் தானே, தொட்டாலும் ஷாக் அடிக்காது. அது எப்படி வீட்டை எரிக்கும்?

ஷாக் அடிப்பது வோல்ட். கம்பியைச் சுட வைப்பது அம்பியர். சுவரில் உள்ள 230 வோல்ட் பிளக்கில் 600 வொட் சாமான் ஒன்றைப் போட்டால் கம்பியில் 3 அம்பியருக்கும் குறைவாகத்தான் ஓடும். அதே சாமான் இன்வெர்ட்டரில் ஓடும்போது பெட்டரிக் கம்பியில் 60 அம்பியர் ஓடுகிறது. வோல்ட் எத்தனை மடங்கு குறைகிறதோ, அம்பியர் அத்தனை மடங்கு கூடியே ஆக வேண்டும். இன்வெர்ட்டருக்குள் வீணாகும் சக்திக்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் கூடும்.

பெட்டரியின் இரண்டு முனைகளும் ஏதாவது இரும்பால் நேராக முட்டிக்கொண்டால் ஆயிரம் அம்பியருக்கு மேல் பாயும். ஸ்பேனர் ஒரு நொடியில் சிவந்து ஒட்டிக்கொள்ளும். கையில் காப்போ மோதிரமோ போட்டுக்கொண்டு பெட்டரி முனையில் வேலை செய்யக் கூடாது என்பது இதனால்தான். ஷாக் அடிக்காது, ஆனால் விரலைச் சுற்றி உருகும்.

இரண்டு வருசமாக ஒன்றும் ஆகவில்லை. போன வாரம் பிளஸ் கம்பியின் முனை உருகிக் கருகிவிட்டது. ஏன் திடீரென்று?

பெரும்பாலும் அது திடீரென்று நடந்ததல்ல. ஒரு வீட்டின் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

கரண்ட் இல்லாத இரவில் எரிவது 9 வொட் பல்ப் ஐந்து, டிவி, வைஃபை ரூட்டர், போன் சார்ஜர் இரண்டு. எல்லாம் சேர்த்து 130 வொட் வரும். மலையகத்தில் மின்விசிறிச் செலவு கிடையாது. பெட்டரிக் கம்பியில் ஓடுவது ஏறத்தாழ 13 அம்பியர். ஒரு நாள் எரிவாயு தீர்ந்து, சின்ன ரைஸ் குக்கரை இன்வெர்ட்டர் பிளக்கில் போடுகிறார்கள். அது 500 வொட். மொத்தம் 630 வொட், கம்பியில் இப்போது 63 அம்பியர்.

அம்பியர் 5 மடங்குதான் கூடியது, சூடு 5 மடங்கில் நிற்காது. கம்பியில் உண்டாகும் சூடு அம்பியரின் வர்க்கத்தோடு ஏறும், அதாவது 5 மடங்கு அம்பியருக்கு ஏறத்தாழ 25 மடங்கு சூடு.

இதில் ஒரு தளர்ந்த முனையைச் சேருங்கள். நட்டு கொஞ்சம் இளகியிருக்கிறது, இடையில் வெள்ளைப் பூ பூத்திருக்கிறது. அந்த மூட்டின் தடை 0.01 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க ஒன்றுமில்லாத அளவுதான்.

13 அம்பியரில்: 13 × 13 × 0.01 = 1.7 வொட்
63 அம்பியரில்: 63 × 63 × 0.01 = 40 வொட்

40 வொட் என்பது ரேடியோ திருத்துபவர் பயன்படுத்தும் சோல்டரிங் அயனின் சூடு. அதை பெட்டரி முனையில், பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிக்குப் பக்கத்தில், சோறு வேகும்வரை அரை மணித்தியாலம் வைத்திருப்பதற்குச் சமம். சாதாரண பீவீசி உறை 70 பாகை செல்சியஸுக்கு மேல் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அது இளகுகிறது, மூட்டு சூட்டில் விரிந்து சுருங்கி இன்னும் தளர்கிறது, தடை கூடுகிறது, அடுத்த முறை சூடு இன்னும் அதிகம். ஆக, அந்த மூட்டு இரண்டு வருசமும் பழுதாகவே இருந்தது. வேலை குறைவாக இருந்ததால் காட்டிக்கொடுக்கவில்லை.

ரைஸ் குக்கர், கேத்தல், அயன் பெட்டி, ஹீட்டர் போன்ற சூடு தரும் சாமான் எதையும் இந்த அளவு இன்வெர்ட்டரில் போடாதீர்கள். இன்வெர்ட்டர் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கலாம். மூட்டு தாங்குமா என்பதை யாரும் எழுதித் தருவதில்லை.

மூட்டு நன்றாக இருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். மெயின் கரண்டை நிறுத்திவிட்டு, இன்வெர்ட்டரில் 200, 300 வொட் அளவுக்கு ஏதாவது ஓட விடுங்கள். மீட்டரை டிசி 2 வோல்ட் அளவில் வையுங்கள். ஒரு ஊசியை பெட்டரியின் ஈய முனை மேலேயே அழுத்துங்கள், நட்டின் மேல் அல்ல. மற்ற ஊசியைக் கம்பியின் நுனியில் உள்ள செப்பு லக்கில் வையுங்கள். நல்ல மூட்டில் 0.01, 0.02 வோல்ட்தான் காட்டும். 0.1 வோல்ட்டைத் தொட்டால் அந்த மூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் மீண்டும் பயன்படுத்தக் கூடாது. இதையே மைனஸ் முனையிலும், இன்வெர்ட்டர் பக்கத்து மூட்டுகளிலும், பியூஸின் இரு பக்கமும் செய்ய வேண்டும். இன்வெர்ட்டரின் மூடியை மட்டும் திறக்காதீர்கள், உள்ளே 230 வோல்ட் இருக்கிறது.

மீட்டர் இல்லாவிட்டால் 20 நிமிடம் ஓடிய பிறகு பெட்டரிக் கம்பியின் உறையை முனைக்கு அருகில் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. ஐந்து நொடி விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் அது 60 பாகைக்குக் கிட்ட இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். ஒரு முனை மட்டும் மற்றதைவிடச் சூடாக இருப்பதும் அதே செய்திதான்.

முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூ பூத்திருக்கிறது. எப்படி எடுப்பது?

முதலில் இன்வெர்ட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், பிறகு இன்வெர்ட்டரை நிறுத்துங்கள். ஜன்னலைத் திறந்து ஒரு மணித்தியாலம் விட்டுவிடுங்கள். சார்ஜ் ஏறி முடிந்த கையோடு பெட்டரியின் மேல் வாயு நின்றுகொண்டிருக்கும், அந்த நேரத்தில் ஒரு பொறி போதும். ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு மைனஸ் கம்பியை முதலில், பிளஸ்ஸை அடுத்ததாகக் கழற்றுங்கள்.

அரை லீற்றர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, பழைய பல்துலக்கியால் முனையையும் லக்கையும் தேயுங்கள். நுரை நிற்கும்வரை தேய்க்க வேண்டும். மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முன்பே பாருங்கள், சோடா உள்ளே போனால் அமிலம் கெடும். துடைத்துக் காய்ந்தபின் உப்புத்தாளால் ஈயமும் செப்பும் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, ஸ்பிரிங் வாஷரோடு இறுக்குங்கள். பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். வாசலின் பூசுவது இறுக்கிய பிறகு, வெளிப்பக்கம் மட்டும். இடையில் பூசிவிட்டு இறுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, அது மூட்டையே கெடுக்கும்.

ஈயம் மிருதுவான உலோகம், அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கிக் கொடுக்கும். அதனால் புதிதாகப் பூட்டிய ஒரு மாதத்தில் ஒரு தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நட்டை இறுக்கிப் பார்க்க வேண்டும். பனியும் மழையும் மாறி மாறி வரும் நம் பக்கத்தில் பூ சீக்கிரம் பூக்கும், ஆகவே இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கம்பி எத்தனை மொத்தமாக இருக்க வேண்டும்? பாஸ் 6 சதுர மில்லிமீற்றர் போதும் என்கிறார்.

போதாது. 6 என்பது குக்கர், ஹீட்டர் போன்றவற்றுக்கு 230 வோல்ட் பக்கத்தில் இழுக்கும் கம்பி. அதைப் பார்த்துப் பழகியவருக்கு அது மொத்தமாகத்தான் தெரியும்.

பெட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு 3 மீற்றர் தூரம் என்றால், போய் வர 6 மீற்றர் கம்பி. 63 அம்பியரில் 6 சதுர மில்லிமீற்றர் கம்பி 1.1 வோல்ட்டைத் தின்றுவிட்டு 69 வொட் சூட்டைத் தரும். 25 சதுர மில்லிமீற்றர் கம்பியில் அது 0.26 வோல்ட், 17 வொட். அதே 25ஐ வைத்துக்கொண்டு பெட்டரியை ஒன்றரை மீற்றருக்குள் கொண்டுவந்தால் 8 வொட்தான். ஆகவே இந்த அளவு இன்வெர்ட்டருக்கு 25 சதுர மில்லிமீற்றர், ஒன்றரை மீற்றருக்குள். இரண்டு பெட்டரி போட்ட 24 வோல்ட், 2000 விஏ அமைப்புக்கு 35.

மெல்லிய கம்பியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு. பெட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கும், ஆனால் கொஞ்சம் கூடுதலாக ஏதாவது போட்டவுடன் இன்வெர்ட்டர் கூவிக்கொண்டு நின்றுவிடும். பெட்டரி முனையில் அளந்தால் 11.5 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் அளந்தால் 10.4. இன்வெர்ட்டர் பெட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறது. பலர் இந்த இடத்தில் பெட்டரியை மாற்றிக் காசைத் தொலைக்கிறார்கள். காணாமல் போன அந்த 1.1 வோல்ட் கம்பியில் சூடாக இருக்கிறது.

வாங்கும்போது நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செப்பு முலாம் பூசிய அலுமினியம், தடை செப்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். வெல்டிங் கேபிள் நல்ல செப்பில் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். நுனியில் லக்கைச் சுத்தியலால் தட்டிப் பொருத்தக் கூடாது. வாகன எலக்ட்ரிக் கடையில் ஹைட்ரோலிக் பிரெஸ் இருக்கும், கம்பியை அளந்து வெட்டிக் கொண்டுபோனால் இரண்டு நிமிட வேலை. பல் வைத்த முதலை கிளிப்பை நிரந்தரமாக மாட்டி வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே சொன்ன 0.01 ஓம் கணக்கே கருணை.

வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கே, பெட்டரிக்கு வேறு தனியாக பியூஸ் எதற்கு?

ட்ரிப் சுவிட்சுக்கு பெட்டரிப் பக்கம் நடப்பது எதுவும் தெரியாது. அது மெயினிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம் மண்ணுக்குக் கசிகிறதா என்று பார்க்கும் காவலாளி. பெட்டரியின் பிளஸ்ஸும் மைனஸும் முட்டிக்கொண்டு கம்பி எரிந்தாலும் அது அசையாது. கரண்டே இல்லாத இரவிலும் பெட்டரிக் கம்பி எரியலாம்.

பெட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 20 சென்ரிமீற்றருக்குள் ஒரு பியூஸ் வேண்டும். 25 சதுர மில்லிமீற்றர் கம்பிக்கு 100 அம்பியர், டிசிக்கு என்று எழுதியது, மூடியுள்ள பெட்டியில். பெட்டரி மூடிகளுக்கு நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். வீட்டு போர்டில் இருக்கும் ஏசி எம்சிபியை இங்கே கொண்டுவந்து பூட்டுவது வேண்டாம். டிசியில் பொறி தானாக அணையாது, உள்ளேயே எரிந்துகொண்டிருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எலி கடித்தோ ஆணி ஏறியோ கம்பிகள் முட்டினால் பியூஸ் காப்பாற்றும். தளர்ந்த மூட்டிலிருந்து காப்பாற்றாது. அங்கே ஓடுவது வழக்கமான 63 அம்பியர்தான், பியூஸுக்கு அதில் குற்றம் எதுவும் தெரியாது. அதற்கு உங்கள் ஸ்பேனரும் விரலும்தான்.

பிள்ளைகள் தொடாமல் இருக்க பெட்டரியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறோம். பரவாயில்லையா?

பூட்டு பரவாயில்லை, காற்றோட்டம் இல்லாததுதான் ஆபத்து. சார்ஜ் முடியும் தறுவாயில் பெட்டரியில் உள்ள தண்ணி ஐதரசனும் ஒட்சிசனுமாகப் பிரிகிறது. கொதிப்பது போல் கேட்கும் சத்தம் அதுதான். ஐதரசனுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. காற்றில் 4 வீதம் சேர்ந்துவிட்டால் ஒரு பொறியில் பற்றும்.

2 அடி அகலம், 2 அடி ஆழம், 3 அடி உயரமுள்ள அலமாரிக்குள் சாமான்கள் போக மீதிக் காற்று ஏறத்தாழ 280 லீற்றர். அதில் 4 வீதம் 11 லீற்றர். 12 வோல்ட் பெட்டரி சார்ஜ் முடியும் நேரத்தில் ஒவ்வொரு அம்பியருக்கும் மணிக்கு இரண்டரை லீற்றர் ஐதரசன் விடும். பழைய பெட்டரி அந்த நேரத்தில் 5 அம்பியர் இழுத்தால் மணிக்கு 12.5 லீற்றர். காற்று புகாத அலமாரி என்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லையைத் தாண்டிவிடும். பலகை இடுக்குகள் இருப்பதால் நடைமுறையில் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

எந்த நேரத்தில் என்பதையும் பாருங்கள். பெட்டரி முக்கால்வாசிக்கு மேல் தீர்ந்திருக்கிறது, மாலை 6 மணிக்குக் கரண்ட் வருகிறது. 12 அம்பியர் சார்ஜரில் நிறைய 10 மணித்தியாலம் பிடிக்கும். அதாவது வாயு அதிகம் வருவது விடியக்காலை 3, 4 மணிக்கு. குளிருக்குக் கதவும் ஜன்னலும் அடைத்து எல்லோரும் உறங்கும் நேரம்.

அலமாரிதான் வேண்டும் என்றால் இரண்டு துவாரம் வெட்டுங்கள். ஒன்று அடியில், மற்றது உச்சியில், எதிரெதிர்ப் பக்கங்களில், ஒவ்வொன்றும் 5 அங்குலத்துக்கு 4 அங்குலம். சார்ஜர் பழுதாகி 15 அம்பியரைத் தொடர்ந்து தள்ளினாலும் போதுமான அளவு இது. ஐதரசன் காற்றைவிட மிக இலேசு, மேல் துவாரத்தால் தானே ஏறிப்போகும், கீழ்த் துவாரத்தால் புதுக் காற்று வரும். மேல் துவாரம் மட்டும் வைத்தால் இந்த ஓட்டம் நடக்காது. எலிக்கு வலை அடித்தால் வலை பாதி இடத்தைத் தின்றுவிடும், துவாரத்தை இரட்டிப்பாக்குங்கள். மேல் துவாரம் வெளிச்சுவர்ப் பக்கம் திறக்க வேண்டும், கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் அல்ல.

நுவரெலியாக் குளிரில் பெட்டரி பழுதாகும் என்று சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

எடுத்துவிடுங்கள். குளிரில் பெட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், பழுதாகாது. நெடுங்காலம் உழைப்பதற்கு வெயில் ஊரைவிட நம் ஊர்க் குளிர்தான் நல்லது. சாக்கு செய்யும் ஒரே வேலை வாயுவை முனைகளுக்குப் பக்கத்தில் பிடித்து வைப்பது.

லயத்து வீட்டில் இடமே இல்லை. எங்கே வைப்பது?

முதலில் எங்கே வைக்கக் கூடாது என்று கழித்துப் பாருங்கள். சாமித் தட்டுக்குக் கீழே வேண்டாம். காலியாகக் கிடக்கும் இடம் என்று பல வீடுகளில் பெட்டரி அங்கேதான் இருக்கிறது. வாயு நேரே மேலே ஏறும், மேலே விளக்கு எரிகிறது. அடுப்படியிலும் அதே காரணத்துக்காக வேண்டாம். படுக்கும் காம்பராவில் வேண்டாம்.

அடுத்து, வெளியேறும் வழி. பல லயக் காம்பராக்களுக்கு முன்வாசல் ஒன்றுதான் பாதை. அந்த வாசலையொட்டி இஸ்தோப்பில் பெட்டரி எரிந்தால் உள்ளே இருப்பவர்கள் எப்படி வருவார்கள்? இஸ்தோப்பில் காற்று நன்றாக வரும், ஆகவே அது கெட்ட இடமல்ல. ஆனால் வாசலிலிருந்து தள்ளி, எதிர்க்கோடியில், மழைச்சாரல் படாத மூலையில் இருக்க வேண்டும். பின்கதவு உள்ள வீட்டில், அடுப்புக்கு எட்டத்தில் பின்பக்க வெளிச்சுவர் ஓரம் அதைவிட நல்லது.

சுவர் கல்லோ செங்கல்லோ என்றால் பிரச்சினை இல்லை. பலகைத் தடுப்பு என்றால் பெட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் பின்னால் சிமெந்துத் தகடு ஒன்றை இரண்டு பக்கமும் ஓர் அடி கூடுதலாக வரும்படி அடியுங்கள். அந்தப் பலகைக்கு அடுத்த பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் உறங்குகிறார் என்பதை மறக்க வேண்டாம். பெட்டரி தண்ணியோடு 50 கிலோவுக்கு மேல் வரும், தட்டில் ஏற்றாமல் தரையில் பிளாஸ்டிக் தட்டம் வைத்து நிமிர்ந்து நிற்க விடுங்கள். மேலே ஓர் அடியாவது காலியாக இருக்கட்டும், துணி, பழைய பத்திரிகை, மண்ணெண்ணெய்ப் போத்தல் எதுவும் வேண்டாம்.

இன்வெர்ட்டரை பெட்டரிக்கு நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ரிலே ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் சின்னப் பொறி விடும். அமில ஆவி ஏறினால் உள்ளே இருக்கும் போர்டும் அரிக்கும். கடையில் விற்கும் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் வண்டில்களில் இன்வெர்ட்டர் பெட்டரியின் தலைமேல்தான் உட்காருகிறது. பார்க்க அழகு, வாங்க வேண்டாம்.

அழுகிய முட்டை வாடை வருகிறது. பெட்டரியைத் தொட்டால் சுடுகிறது.

அது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறும் பெட்டரியின் வாடை. அந்த இடத்தில் சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ வேண்டாம், பெட்டரிக் கம்பியைக் கழற்றவும் வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்து ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, பெட்டரியிலிருந்து தள்ளியுள்ள மெயின் போர்டில் கரண்டை நிறுத்துங்கள். சார்ஜ் நின்றுவிடும். பெட்டரி ஆறிய பிறகுதான், சில மணித்தியாலம் கழித்து, கிட்டப் போக வேண்டும்.

காரணம் பெரும்பாலும் செத்துப்போன ஒரு செல். பெட்டரியில் ஆறு செல்கள். ஒன்று செத்தால் சார்ஜர் தரும் 14.4 வோல்ட்டை மீதி ஐந்தும் பங்கு போட வேண்டும், ஒவ்வொன்றும் 2.9 வோல்ட்டுக்குக் கிட்ட வாங்கிக்கொண்டு கொதிக்கும். பெட்டரி நிறைந்துவிட்டது என்ற அடையாளமே சார்ஜருக்கு வராது, விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் ஐந்தில் 1.240ம் ஒன்றில் மட்டும் 1.150ம் காட்டும். அந்தப் பெட்டரியை மாற்றத்தான் வேண்டும், புது அமிலம் ஊற்றிச் சரிசெய்ய முடியாது.

செல் எல்லாம் சரி என்றால் சார்ஜரைப் பாருங்கள். பெட்டரி நிறைந்த பிறகு முனையில் 13.5 முதல் 13.8 வோல்ட் வரை இறங்கி நிற்க வேண்டும். மணிக்கணக்காக 14.5க்கு மேலேயே நின்றால் சார்ஜர் பழுது, அல்லது இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் பெட்டரி வகைச் சுவிட்ச் தவறான இடத்தில் இருக்கிறது. தண்ணி ஊற்றாத சீல் பெட்டரியை டியூபுலர் என்ற இடத்தில் வைத்து ஓட்டினால் இதுதான் நடக்கும்.

தண்ணி குறைந்தால் பீலித் தண்ணி ஊற்றலாமா? சுத்தமாகத்தானே வருகிறது.

குடிக்கச் சுத்தம், பெட்டரிக்கு இல்லை. அதில் கரைந்திருக்கும் உப்புகள் தகட்டைக் கெடுக்கும். பெட்டரிக்கென்று விற்கும் காய்ச்சி வடித்த தண்ணி மட்டும். அதைவிட முக்கியம் மட்டம் குறைய விடாமல் இருப்பது. தகடுகள் வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணி வற்றினால் உள்ளே வாயுவுக்கு இடம் கூடுகிறது, காய்ந்த ஈய இணைப்பில் பொறியும் எழுகிறது. பெட்டரி உள்ளிருந்தே வெடிப்பது இப்படித்தான், பெரும்பாலும் கரண்ட் போகும் அல்லது வரும் அந்த நொடியில். மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள். மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஊற்ற வேண்டி வந்தால் தண்ணியை விட்டுவிட்டு மேலே சொன்ன சார்ஜரைக் கவனியுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் வேன் பெட்டரியைக் கட்டி ஓட்டுகிறோம்.

அந்த யூபிஎஸ்ஸின் ட்ரான்ஸ்போமர் 10, 15 நிமிடம் ஓடி நிற்பதற்காகச் சுற்றப்பட்டது. உள்ளே இருந்த சின்ன பெட்டரி தீர்ந்து நின்றுவிடுவதே அதற்கு ஓய்வு. வேன் பெட்டரி அந்த ஓய்வைப் பறித்துவிடுகிறது. மூன்றாவது மணித்தியாலத்தில் பிளாஸ்டிக் பெட்டி இளகத் தொடங்கும். இதைப் பாதுகாப்பாக்க வழி எதுவும் சொல்வதற்கில்லை, கழற்றிவிடுங்கள்.

லிதியம் பெட்டரி வாங்கினால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லையா?

தண்ணியும் பூவும் இல்லை. கம்பி, மூட்டு, பியூஸ் பற்றிச் சொன்னவை அப்படியே பொருந்தும். லிதியம் அயன் பொஸ்பேட், அதாவது LiFePO4 வகையில், செல்களைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் உள்ளதை, அதற்கான சார்ஜ் அமைப்பு உள்ள இன்வெர்ட்டரோடு மட்டும் வாங்குங்கள். பழைய லெப்டொப் செல்களைப் பொறுக்கி ஒட்டிய பெட்டியை யார் மலிவாகத் தந்தாலும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள், அது பற்றினால் அணைக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

தீப்பிடித்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

கூச்சலிட்டு எல்லோரையும் வெளியேற்றுங்கள், பக்கத்துக் காம்பராக்களில் உள்ளவர்களையும் சேர்த்து. லயத்தில் கூரை ஒன்றுதான். போகிற வழியில் எட்டுமானால் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். தண்ணி ஊற்ற வேண்டாம். மெயினை நிறுத்தினாலும் இன்வெர்ட்டர் தன் பிளக்குகளுக்கு 230 வோல்ட்டைத் தந்துகொண்டுதான் இருக்கும்.

கம்பியோ உறையோ மட்டும் சின்னதாக எரிந்தால், வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று டிரை பவுடர் அணைப்பானை அடிக்கலாம், அது இல்லாவிட்டால் காய்ந்த மணல். அணைந்ததும் நம்பி நிற்காதீர்கள். பெட்டரி இணைப்பில் இருக்கும்வரை அதே இடம் மீண்டும் சூடேறிப் பற்றும். பெட்டரியே எரிந்தாலோ உப்பினாலோ விட்டுவிட்டு வெளியேறுங்கள், அந்தப் புகையில் அமிலம் இருக்கிறது. தீயணைப்புக்கு 110, அம்பியூலன்சுக்கு 1990.

அமிலம் கண்ணிலோ தோலிலோ பட்டால் ஓடும் தண்ணியில் 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருங்கள், பீலியாக இருந்தாலும் சரி. கண்ணில் பட்டிருந்தால் இமையை விரலால் பிரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும். நனைந்த உடையைக் கழற்றிவிடுங்கள். எண்ணெயோ பற்பசையோ பூசாமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், என்ன பட்டது என்று சொல்லுங்கள்: பெட்டரி அமிலம், சல்பூரிக் அசிட்.